ஐம்பது வயதில் டெட் தேர்வு: படித்தது மனதில் நிற்க என்ன வழி?

அதிகாலை ஐந்தே கால். தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்து. அடுக்களையில் குக்கர் முதல் விசிலுக்குக் காத்திருக்கிறது. மிக்ஸி மேல் சாய்த்து வைத்த ‘டெட்’ கைடைப் பார்த்தபடியே டீச்சர் வெங்காயம் நறுக்குகிறார். புத்தகம் முழுக்க மூன்று நிறத்தில் கோடுகள். முதல் முறை படித்தபோது நீலம், இரண்டாம் முறை சிவப்பு, மூன்றாம் முறை பச்சை.

கல்லூரிக்குப் போகும் மகள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு கேட்கிறாள்: “அம்மா, பியாஜே சொன்னதுல ஏழு வயசுலேருந்து பதினொண்ணு வரைக்கும் எந்த நிலை?”

டீச்சரின் கை நிற்கிறது. “நேத்து ராத்திரிதாண்டி படிச்சேன். இடது பக்கம், கீழ, பச்சைக் கோடு போட்ட இடம்…” பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. கோட்டின் நிறம் தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. குக்கர் விசிலடிக்கிறது.

“வயசாயிடுச்சு. இனிமே எனக்கு ஏறாது.”

இந்த டீச்சர் ஒரு தனி நபர் அல்ல. 2025 செப்டம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டின் ஆசிரியர் ஓய்வறைகளில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பலரின் சாயலைச் சேர்த்து வரைந்த ஓர் உருவம். வயது 51. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர். இப்போது அவரே தேர்வு எழுத வேண்டும்.

இரண்டு வருடக் கெடு

ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அறிவிக்கை 2010 ஆகஸ்ட் 23-இல் வந்தது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்றே இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்த நிம்மதியைக் கலைத்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையென்றால் பணியை விட வேண்டும். ஐந்து வருடத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. பணியில் இருப்பவர்களுக்கெனச் சிறப்புத் தேர்வுகளையும் அறிவித்தது.

வழக்கு எப்படிப் போனாலும் படிக்காமல் இருக்க முடியாது என்பதுதான் வீடுகளில் இருக்கும் நிலை. வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, மாமியாருக்கு வாங்க வேண்டிய மருந்து இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, ஆசிரியப் பயிற்சியோடு மூடி வைத்த உளவியல் புத்தகத்தை மறுபடியும் திறக்க வேண்டும்.

> பெட்டிச் செய்தி: தேர்வு எப்படி இருக்கும்?
> ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்குத் தாள் 1. ஆறு முதல் எட்டு வரை நடத்துபவர்களுக்குத் தாள் 2.
> தாள் 1-இல் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள்.
> மொத்தம் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும்.
> தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

எது குறைகிறது, எது குறையவில்லை

டீச்சருக்கு அடுக்களையில் நடந்ததை உளவியலாளர்கள் ‘நாக்கு நுனி’ நிலை என்பார்கள். சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது. நடுவயதைத் தாண்டியதும் இது அடிக்கடி நேரும், அதுவும் பெயர்ச்சொற்களில்தான் அதிகம். டெட் பாடத்தின் உளவியல் பகுதியோ பெயர்களால் நிறைந்தது: பியாஜே, கோல்பெர்க், எரிக்சன், வைகாட்ஸ்கி, தார்ன்டைக். வயதில் மூத்தவர்களின் நினைவு எந்த இடத்தில் இடறுமோ, பாடமும் அந்த இடத்திலேயே கனமாக இருக்கிறது.

ஆனால் சொல் வெளியே வராததும் சொல்லே அழிந்துபோவதும் ஒன்றல்ல. வயது கூடும்போது முதலில் குறைவது வேகம். அமெரிக்க உளவியலாளர் டிமத்தி சால்ட்ஹவுஸ் 1996-இல் இதை விரிவாக எழுதினார். மூளையின் ஒவ்வொரு வேலையும் கொஞ்சம் தாமதமாவதால், ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது நழுவிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஒரு குறிப்பும் இல்லாமல் நினைவிலிருந்து எடுக்கும் திறன்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. கண்முன் வைத்ததை அடையாளம் காணும் திறன் அவ்வளவாகக் குறைவதில்லை. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் வளர்கிறது.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் தேர்வின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12-இல் நடந்தது. 150 கேள்விகளுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் அக்டோபரில் துணைத் தேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக உயர்த்தினார்கள். இம்முறை தேறியவர்கள் 19 ஆயிரத்தைத் தாண்டினார்கள். நேரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதல் தேர்வின் அனுபவமும் மூன்று மாத அவகாசமும் உதவியிருக்கும். ஆனால் யோசிக்க நேரமில்லாத தேர்வு, தெரிந்தவரையும் தெரியாதவராக்கும் என்பது அந்த வருடம் ஊருக்கே புரிந்தது.

பச்சைக் கோட்டின் ஏமாற்று

டீச்சர் மூன்று முறை படித்தும் பெயர் வராததற்கு வயதை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. படித்த முறையிலும் கோளாறு இருக்கிறது.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களிடம் 42 சதவீதம் தங்கியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு? 2013-இல் மேயர், லோகன் என்ற இரு ஆய்வாளர்கள் 55 முதல் 65 வயது வரை உள்ளவர்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். தன்னைத் தானே கேட்டுப் பார்க்கும் முறை அவர்களுக்கும் இளையவர்களுக்குப் போலவே பலன் தந்தது.

மூத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்வது அடையாளம் காணும் வேலைதானே, அது நமக்குச் சுலபம் என்று தோன்றலாம். சிக்கல் தவறான விடைகளில் இருக்கிறது. பியாஜேயின் நிலைகளைக் கேட்கும் கேள்வியில் எரிக்சனின் நிலை ஒன்றும் கோல்பெர்க்கின் நிலை ஒன்றும் கலந்து கிடக்கும். மூன்றையும் மும்முறை படித்தவருக்கு நான்கு விடைகளும் பழகிய முகமாகவே தெரியும். உளவியலாளர் லாரி ஜேக்கபி 1999-இல் இதைக் காட்டினார். சொற்களைப் பல முறை படிக்க வைத்தபின், அவற்றை ஒதுக்கிவிட்டு, பிறகு காதால் கேட்ட சொற்களை மட்டும் தேர்வு செய்யச் சொன்னார். இளையவர்களுக்கு, அதிக முறை படித்த சொல்லை ஒதுக்குவது எளிதாயிற்று. மூத்தவர்கள் அதிக முறை படித்த சொல்லிடமே அதிகம் ஏமாந்தார்கள். சொல் பழகியிருந்தது, அதை எங்கே பார்த்தோம் என்பதுதான் நினைவில்லை.

ஐந்தாம் முறையாக நிறம் மாற்றிக் கோடு போடுவது இதனால்தான் ஆபத்து. பழக்கம் கூடுகிறது, பிரித்தறியும் திறன் கூடுவதில்லை. ‘எல்லாம் படிச்ச மாதிரியே இருந்துச்சு, ஆனா தப்பாப் போச்சு’ என்று தேர்வறையை விட்டு வெளியே வருபவர்கள் சொல்வது இதைத்தான்.

ஐந்து இனிப்புப் பெட்டிகள்

மாற்று வழிக்கு வேண்டிய பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன: சார்ட் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிய துண்டுகளும், காலியான ஐந்து இனிப்புப் பெட்டிகளும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன முறை இது.

அட்டையின் ஒரு பக்கம் ஒரே ஒரு கேள்வி, மறுபக்கம் ஒரே ஒரு விடை. புதிய அட்டை முதல் பெட்டிக்குப் போகும். மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். விடை வந்தால் இரண்டாம் பெட்டி. அதை மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம். மறுபடி வந்தால் மூன்றாம் பெட்டி, ஒரு வாரம். அதற்கடுத்து நான்காம் பெட்டி, மூன்று வாரம். அதிலும் தேறிய அட்டை ஐந்தாம் பெட்டிக்குப் போய், தேர்வுக்கு முந்தைய வாரம் வரை ஓய்வெடுக்கும். எந்தப் பெட்டியில் தவறினாலும் அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

டீச்சரின் நாளில் இதை வைத்துப் பார்க்கலாம். வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஆறு புதிய அட்டைகள். வாரத்துக்கு 30, பன்னிரண்டு வாரத்தில் 360. ஒவ்வோர் அட்டையும் குறைந்தது நான்கு முறை கைக்கு வரும் என்பதால், வாரத்துக்கு 120 முறை, நாளுக்குப் பதினேழு. தவறித் திரும்பி வருபவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 25. ஓர் அட்டைக்கு அரை நிமிடம் என்றால் பன்னிரண்டரை நிமிடம். தேனாம்பேட்டை நிலையத்தில் மெட்ரோவுக்குக் காத்திருக்கும் நேரமும் வண்டியில் நிற்கும் நேரமும் அதற்குப் போதும். புதிய அட்டை எழுதுவதற்கு மட்டும் மேசை வேண்டும்; அதற்கு இரவில் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை 50 கேள்விகளைக் கடிகாரம் வைத்து ஒரு மணி நேரத்தில் எழுதிப் பார்ப்பது.

காலையில் வராமல் போன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். டீச்சர் முதலில் எழுதிய அட்டை: ‘பியாஜேயின் நான்கு நிலைகள் யாவை?’ மறுபக்கம் எட்டு வரி. இது உருப்படாது. மூன்று நிலை சொல்லி ஒன்று விட்டால் அது சரியா, தவறா? எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்றே தெரியாது. அதை உடைத்தால் இப்படி வரும்:

‘உயரமான தம்ளரில் ஊற்றினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சொல்லும் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது?’ விடை: செயலுக்கு முற்பட்ட நிலை, 2 முதல் 7 வயது.

‘ஊற்றும் பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்று புரிந்துகொள்ளும் நிலை எது?’ விடை: பருப்பொருள் செயல்நிலை, 7 முதல் 11 வயது.

‘8 நிலைகள் சொன்னவர் பியாஜேயா, எரிக்சனா?’ விடை: எரிக்சன். பியாஜே சொன்னவை நான்கு.

மூன்றாவது அட்டைதான் மூத்தவர்களுக்கு அவசியமானது. குழப்பும் இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிரே நிறுத்துகிறது. முதல் இரண்டு அட்டைகளிலோ டீச்சரிடம் இளைய போட்டியாளர்களிடம் இல்லாத முதலீடு ஒன்று இருக்கிறது. ‘பெரிய தம்ளர்லதான் நிறைய இருக்கு’ என்று அடம்பிடிக்கும் குழந்தையை அவர் பார்த்திருக்கிறார். பெயரை அந்தக் குழந்தையின் முகத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் அதை எடுக்க ஒரு பிடி கிடைத்துவிடும்.

எங்கே தவறும்?

முதல் தவறு, அவசரமாகத் திருப்பிப் பார்ப்பது. விடை வர நேரம் எடுப்பவர்கள் மனதுக்குள் பதினைந்து வரை எண்ணிவிட்டு, வாய்விட்டு ஒரு விடை சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். ‘ஆமா, இதுதான் நினைச்சேன்’ என்று திருப்பியபின் சொல்வதெல்லாம் தவறிய கணக்கில்தான் சேரும். அதற்காகப் பத்து நிமிடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். அந்த நேரத்தில் தவறான பெயரே மறுபடி மறுபடி வந்து ஆழமாகப் பதியும்.

இரண்டாவது, அட்டைகளின் வரிசை பழகிப்போவது. எரிக்சன் அட்டைக்குப் பின் கோல்பெர்க் அட்டை வரும் என்று கை அறிந்துவிட்டால், நினைவு வேலை செய்வதில்லை. தினமும் கலைத்துப் போட வேண்டும்.

மூன்றாவது, நான்கு முறை தவறிய அட்டையை ஐந்தாம் முறையும் அப்படியே படிப்பது. குறை அட்டையில் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு வேறு உதாரணத்தோடு எழுத வேண்டும்.

கணக்குக்கு இந்த அட்டைகள் உதவாது. அதில் 30 மதிப்பெண்ணும் போட்டுப் பார்ப்பதில்தான் வரும். அங்கேயும் ஒரு மாற்றம் செய்யலாம். இருபது தனிவட்டிக் கணக்கை வரிசையாகப் போடுவதற்குப் பதில், வட்டி, பரப்பளவு, பின்னம், சராசரி என்று கலந்து போட வேண்டும். எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதும் தேர்வின் பகுதி. ஒரே வகைக் கணக்கை அடுக்கிப் போடும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி கிடைப்பதே இல்லை.

ஞாயிறு மாதிரித் தேர்வில் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடலாம். பாடமே தெரியாவிட்டால் ‘தெ’, இரண்டு விடைக்குள் குழம்பினால் ‘கு’, நேரம் போதாவிட்டால் ‘நே’. ‘தெ’ அதிகமானால் புதிய அட்டைகள் வேண்டும். ‘கு’ அதிகமானால், மற்ற மூன்று விடைகளும் ஏன் சரியில்லை என்று ஒரு வரி எழுதிப் பழக வேண்டும். ‘நே’ அதிகமானால் பாடத்தைத் தொடவே வேண்டாம். எழுதும் முறையை மாற்றினால் போதும்.

180 நிமிடத்தின் கணக்கு

150 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 72 விநாடி. மெதுவாக நினைவு வருபவருக்கும் இது போதும், வரிசையாகவே போவேன் என்று பிடிவாதம் பிடிக்காதவரை.

முதல் சுற்றில் பார்த்ததும் விடை தெரிபவை மட்டும், 80 நிமிடம். இரண்டுக்குள் குழப்புபவற்றைக் கேள்வித்தாளிலேயே வட்டமிட்டுவிட்டு நகர வேண்டும். இரண்டாம் சுற்று 60 நிமிடம், வட்டமிட்டவற்றுக்கு. முதல் சுற்றில் முட்டி நின்ற பெயர் இப்போது தானாக வருவதைப் பலரும் அனுபவத்தில் அறிவார்கள். குறுக்கே நின்ற தவறான பெயர் இடைவெளியில் விலகிவிடுகிறது. மிச்சமிருக்கும் 40 நிமிடத்தில், தெரியாதவற்றில் பொருந்தாத விடைகளை நீக்கிவிட்டு மிஞ்சியதைக் குறிக்கலாம். மதிப்பெண் குறைப்பு இல்லாததால் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

தாண்டித் தாண்டிப் போகும்போது ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு முறையும் கேள்வி எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வட்டத்தைக் கறுப்பாக்குவதை ஞாயிற்றுக்கிழமைகளிலேயே பழக வேண்டும்.

> பெட்டிச் செய்தி: மறதிக்கு வேறு காரணம் இருக்கலாம்
> வைட்டமின் பி12: குறைந்தால் மறதியும் சோர்வும் வரும். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இது குறையலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.
> தைராய்டு: சுரப்பு குறைந்தாலும் மந்தம் தட்டும். மருந்தால் சரிசெய்யலாம்.
> மாதவிடாய் நிற்கும் காலம்: பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. மாதவிடாய் நிற்கும் தறுவாயில் புதியதைக் கற்கும் திறன் சற்றே தேங்கி, நின்ற பிறகு மீண்டதை அது கண்டது.
> தூக்கம்: பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளும் நினைவை மங்கவைக்கும்.
> தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்: பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்டதையே சில நிமிடத்தில் மறுபடி கேட்பது, நெடுநாள் செய்த சமையலின் படிகள் குழம்புவது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

‘ஏறாது’ என்ற சொல்

ஓய்வறையில் தினமும் காதில் விழும் ஒரு வாக்கியம்: ‘இந்த வயசுல நமக்கு எங்க டீச்சர் ஏறப்போகுது?’ ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் அதற்கும் விலை உண்டு. அமெரிக்காவில் தாமஸ் ஹெஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வயதானால் நினைவு குன்றும் என்ற செய்தியைப் படித்த மூத்தவர்கள், அதன்பின் வைத்த நினைவுச் சோதனையில் குறைவான சொற்களையே நினைவுகூர்ந்தார்கள். தன் நினைவைப் பெரிதாக மதித்தவர்களிடம் சரிவு அதிகமாக இருந்தது. கவலையே கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு இது இரட்டைச் சுமை. தேறாமல் போனால் வேலை போகும் என்பது ஒன்று. வகுப்பில் தன் முன்னே உட்காரும் பிள்ளைகளுக்கும் சக ஆசிரியர்களுக்கும் மதிப்பெண் தெரிந்துவிடுமே என்பது இன்னொன்று. அதனால்தான் பலர் மாதிரித் தேர்வே எழுதாமல் கைடை மட்டும் புரட்டுகிறார்கள். புரட்டும்போது யாரும் தவறாவதில்லை.

> பெட்டிச் செய்தி: 71 வயதில் சி.ஏ.
> ஜெய்ப்பூரைச் சேர்ந்த தாராசந்த் அகர்வால், வங்கியில் 38 ஆண்டுகள் பணியாற்றி 2014-இல் ஓய்வு பெற்றவர். பேத்தியின் சி.ஏ. படிப்புக்கு உதவப் போய்த் தானும் அதில் சேர்ந்தார். 2024-இல் இறுதித் தேர்வில் தோற்றார். மறுபடி எழுதி 2025 மே தேர்வில் தேறினார். தோள்வலி இருந்தும் தினமும் கையால் எழுதிப் பழகியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அதே அடுக்களை. கைடு அலமாரியில் இருக்கிறது. மிக்ஸிக்குப் பக்கத்தில் ஐந்து பெட்டிகள். மேலே தேதி எழுதிய தாள்கள் ஒட்டியிருக்கின்றன. மகள் நான்காம் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவுகிறாள்.

“ஒழுக்க வளர்ச்சியை மூணு மட்டமாப் பிரிச்சது யாரு?”

டீச்சர் அடுப்பைக் குறைக்கிறார். உதடு எண்ணுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று. “எரிக்சன்… இல்ல, இரு. எரிக்சன்னே வெச்சுக்க.”

மகள் அட்டையைத் திருப்பிக் காட்டுகிறாள். கோல்பெர்க்.

மூன்று வாரம் தாண்டி வந்த அட்டை. டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்குகிறார். ‘எரிக்சன் 8, கோல்பெர்க் 3 மட்டம் 6 நிலை’ என்று அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி, முதல் பெட்டியில் போடுகிறார்.

“நாளைக்குக் கேளு.”